உம் கொட்டியவர் யார்?

நெல்லைச் சீமையில் ஊர் ஊராகப் போய் நாட்டுப்புறக் கதை திரட்டும் தமிழ்த்துறை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் ஆராய்ச்சி செய்தவன் இல்லை. அம்பாசமுத்திரத்தில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பத்திரம், மனு, கல்யாணப் பத்திரிகை வாசகம், இவற்றோடு வருடா வருடம் உங்கள் மாணவர்களின் கள ஆய்வு ஏடுகளும் என் மேசைக்கு வரும். முன்னுரை எனக்கு மனப்பாடம். இயல் பிரிப்பும் ஏறக்குறைய அப்படித்தான். நான் ஆசையாக அடிப்பது பின்னிணைப்பை. ஆச்சிகளும் தாத்தாக்களும் சொன்ன கதைகள் அங்கேதான் இருக்கும்.

போன மாசம் அப்படி ஒரு பின்னிணைப்பை அடித்துக்கொண்டிருந்தேன். ஈ தன் பேரை மறந்த கதை. ஈ கன்றுக்குட்டியிடம் போய்க் கேட்கிறது, கன்றுக்குட்டி தாயைக் கைகாட்டுகிறது, அடுத்த வரி இப்படி இருந்தது: ‘(இவ்வாறே ஒவ்வொருவரிடமும் கேட்டுச் செல்கிறது)’. அதற்கடுத்த வரியில் குதிரை வந்துவிட்டது. கதை மொத்தம் 11 வரி. கீழே தகவலாளர் பெயர், வயது, ஊர், தொழில், கல்வி, பதிவு செய்த நாள் என்று கட்டம் கட்டி ஒழுங்காகப் போட்டிருந்தது. அடைப்புக்குறியை அடித்த கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கதையில் கதை என்று இருப்பதே அந்த அடைப்புக்குறிக்குள் போன சமாச்சாரம்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஈ வீடு மெழுகிக்கொண்டே இருந்ததாம். மெழுகின மும்முரத்தில் தன் பேரையே மறந்துபோய்விட்டதாம். எதிரே நின்ற கன்றுக்குட்டியிடம், ‘கொழு கொழு கன்றே, என் பேர் என்ன?’ என்று கேட்டதாம். எனக்குத் தெரியாது, என் அம்மாவைக் கேள் என்றதாம் அது. ஈ பசுவிடம் போய்க் கேட்கும்போது வெறுமனே பசுவே என்று கூப்பிடாது. ‘கொழு கொழு கன்றே, கன்றின் தாயே, என் பேர் என்ன?’ என்று கன்றிலிருந்துதான் ஆரம்பிக்கும். அடுத்தது மாடு மேய்க்கிற ஆயன், அப்புறம் அவன் கைக்கோல், அப்புறம் மரம். இப்படி ஒவ்வொரு படியிலும் ஒரு கண்ணி கூடும், ஆனால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து வரவேண்டும். எங்கள் ஆச்சி சொன்ன வரிசையில் கடைசிக் கேள்வி இது:

கொழு கொழு கன்றே
கன்றின் தாயே
தாயை மேய்க்கும் ஆயா
ஆயன் கைக் கோலே
கோல் வளரும் மரமே
மரத்தில் இருக்கும் கொக்கே
கொக்கு குளிக்கும் குளமே
குளத்தில் இருக்கும் மீனே
மீன் பிடிக்கும் வலையா
வலையன் கைச் சட்டியே
சட்டி செய்யும் குயவா
குயவன் கை மண்ணே
மண்ணில் விளையும் புல்லே
புல்லைத் தின்னும் குதிரையே
என் பேர் என்ன?

ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு கண்ணி மாறும். சில வீடுகளில் குதிரையும் பதில் சொல்லாமல் தன் வயிற்றுக்குள் இருக்கும் குட்டியைக் கைகாட்டும். இந்த வரிசையை வைத்து நான் கடையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கண்ணிகள் 14. அச்சில் வரும் சுருக்கத்தில் இவை தலைக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். வாயால் சொல்லும்போது முதல் கேள்வியில் 1, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 3 என்று ஏறிக்கொண்டே போகும். எல்லாம் கூட்டினால் 105. ‘இவ்வாறே’ என்கிற ஒரு சொல் 91 கூப்பாட்டை விழுங்கிவிட்டது.

சும்மா ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதாக இதை நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு கண்ணியும் எந்தச் சொல்லில் முடிகிறதோ அதே சொல்லில்தான் அடுத்தது தொடங்குகிறது. கன்றே என்று முடிந்தால் கன்றின், தாயே என்று முடிந்தால் தாயை. உங்கள் வகுப்பில் இதை அந்தாதி என்று பாடம் நடத்துவீர்கள். ஆச்சிக்கு அந்தப் பெயர் தெரியாது, பிடிமானம் தெரியும். மூன்று வயதுப் பிள்ளை முதல் கண்ணியை மட்டும் சொல்லும், ஐந்து வயதுப் பிள்ளை கொக்கு வரை வரும், ஏழு வயதுக்காரன் கடைசி வரை வந்துவிடுவான். எல்லாரும் கன்றிலிருந்தே தொடங்குவதால் எந்த வயதுப் பிள்ளைக்கும் உள்ளே நுழைய வாசல் திறந்தே இருக்கும். குளத்துக்கு வரும்போது மூச்சு முட்டும். ஒரே மூச்சில் குதிரை வரை போகிறவன் அன்றைக்குப் பெரிய ஆள்.

அப்புறம் அந்த முடிவு. குதிரை என்ன செய்தது? பல்லைக் காட்டி ‘ஈ’ என்று கனைத்துச் சிரித்ததாம். ஈக்குத் தன் பேர் கிடைத்துவிட்டது. அந்த இடத்தில் ஆச்சி பல்லை இளிப்பாள், நாங்கள் ஆறேழு பேரும் பல்லை இளிப்போம். ‘ஈ’ என்று நீட்டிச் சொன்னால் வாய் தானாகவே இளித்துக்கொள்ளும், சொல்லிப் பாருங்கள். பேர் என்ன என்பது முதல் வரியிலேயே எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் 14 கேள்வி வரைக்கும் பதிலைச் சொல்லாமல் நாக்குக்கு அடியில் வைத்திருக்க வேண்டும். சின்னது எதாவது பொறுக்க முடியாமல் நடுவில் ‘ஈ’ என்று கத்திவிட்டால் மற்றதெல்லாம் சேர்ந்து அதை அமுக்கும். கதைக்குள்ளே கேட்கிறவர்களுக்கு இருக்கும் வேலை அது. 11 வரியில் இதற்கு எங்கே இடம்?

மாணவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஏனென்றால் இது எங்கிருந்து தொடங்குகிறது என்பதை என் வீட்டிலேயே பார்த்தவன் நான்.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் ஆச்சி இருந்தபோது, ஒரு கல்லூரியிலிருந்து நாலைந்து பேர் கதை கேட்க வந்தார்கள். பெயர் வேண்டாம். காலை பதினொரு மணி இருக்கும். ஆச்சியைத் திண்ணையிலிருந்து எழுப்பி உள்ளே கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தார்கள், திண்ணையில் தெருச் சத்தம் வருமாம். மின்விசிறியை நிறுத்தினார்கள். கதை என்றதும் கூடிவிட்ட தெருப் பிள்ளைகளை வெளியே போகச் சொன்னார்கள். என்னையும் ‘சார், கொஞ்சம் சத்தம் போடாம இருங்க’ என்றார்கள். மைக்கைச் சேலையில் குத்தி, ‘ம், சொல்லுங்க பாட்டி’ என்றார்கள்.

எங்கள் பக்கத்தில் பாட்டி இல்லை, ஆச்சி. சரி, அது போகட்டும்.

ஆச்சி சொன்னாள். ‘ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அவருக்கு ஏழு மகன்கள் இருந்தார்கள்’ என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வாயில் ‘இருந்தார்கள்’ வந்து நான் கேட்டதே இல்லை. நாலு நிமிடத்தில் கதையை முடித்துவிட்டு, ‘அவ்வளவுதாம்மா’ என்று மைக்கைப் பார்த்தாள். எங்களுக்குச் சொன்னால் அதே கதை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் தொடங்கி, பாதிப் பிள்ளைகள் தூங்கும் வரை ஓடும். வந்தவர்கள் நன்றி சொல்லி, ஒரு துண்டு போர்த்திவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் ஆச்சி என்னிடம் சொன்னது இது: ‘ஒருத்தனும் உம் கொட்டலயேடா. செவுத்துக்கிட்டயா கதை சொல்லுவாவ?’

இந்த உம்மைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

எங்கள் வீடுகளில் கதை தொடங்கும் முன்பே ஆள் நியமனம் ஆகிவிடும். ‘யாருல உம் கொட்டுதது?’ என்று ஆச்சி கேட்பாள். ஒருத்தன் ஒப்புக்கொண்டால்தான் ‘ஒரு ஊர்ல’ வரும். அவன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உம் போட வேண்டும். எந்த இடத்தில் போடுவது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அந்த இடத்தைக் கதையே காட்டிவிடும். ‘ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தானாம்.’ ‘உம்.’ ‘அவனுக்கு ஏழு மவனாம்.’ ‘உம்.’ வாக்கியக் கடைசியில் வருகிற அந்த ‘ஆம்’தான் கதவு. நான் பார்த்ததில்லை, எனக்குச் சொன்னார்கள், உனக்குச் சொல்கிறேன் என்பதெல்லாம் அந்த ஓர் அசைக்குள் இருக்கிறது. அதை நீட்டி நிறுத்தும்போது உம் வந்து உட்கார ஓர் இடம் கிடைக்கிறது. நீங்கள் பேச்சை எழுத்தாக்கும்போது ‘இருந்தானாம்’ என்பதை ‘இருந்தான்’ என்று திருத்துகிறீர்கள். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அப்படித் திருத்திய பக்கத்தில் உம் போட எனக்கு இடமே கிடைக்கவில்லை, வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன்.

உம் என்பது வெறும் மரியாதைக்கு ஆமாம் போடுவதும் இல்லை. சொல்கிறவளுக்கு அதுதான் கடிகாரம். உம் சீக்கிரம் சீக்கிரமாக விழுந்தால் பிள்ளைகள் அடுத்தது என்ன என்று துடிக்கிறார்கள், அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். தளர்ந்து, மூக்கால் வந்தால் தூக்கம் வருகிறது, இரண்டாவது இளவரசனையும் மூன்றாவது இளவரசனையும் ஒரே வரியில் அனுப்பிவிடலாம். சந்தேகம் வந்தால் ஆச்சி ஒரு சோதனை வைப்பாள். அதே குரலில், கதையோடு கதையாக, ‘அந்த ராசா உம் கொட்டுதவன தூக்கிக் கெணத்துல போட்டானாம்’ என்பாள். ‘உம்’ என்று பதில் வந்தால் முழித்திருக்கும் மற்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்து உருளும். உம் கொட்டினவன் பாதித் தூக்கத்தில் எழுந்து முழிப்பான். ஏழு இளவரசர்கள் கதை ஒரு நாள் ஒரு மணி நேரமும், ஒரு நாள் கால் மணி நேரமும் ஓடியதற்கு இதுதான் காரணம். எது சரியான பாடம் என்று கேட்டால் இரண்டும் சரிதான். ஆனால் எந்த உம்முக்கு எந்தப் பாடம் வந்தது என்பது பதிவில் இருக்க வேண்டும்.

வில்லுப்பாட்டில் இந்த வேலைக்கு மேடையிலேயே ஆள் போட்டிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டி ஒரு வரி சொன்னால் பக்கத்தில் குடம் அடிக்கிறவரும் ஜால்ராக்காரரும் ‘ஆமா’ போடுவார்கள், வரியின் கடைசிச் சொல்லை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். இடத்தே பாடுவது என்று அதற்குப் பெயரே இருக்கிறது. கோயில் கொடையில் சுடலைமாடன் பிறக்கும் இடம் வந்தால் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்கள் குலவை போடுவார்கள். வில்லுப்பாட்டைப் பதிவு செய்கிறவர்கள் யாரும் ‘ஆமா’வை வெட்டி எறிவதில்லை, மைக்கு முன்னால் காசு வாங்கிக்கொண்டு சொல்வதால் அது கலை என்று தெரிந்துவிடுகிறது. வீட்டுத் திண்ணையில் ஆறு வயதுப் பையன் சும்மா சொல்வதால் அது இரைச்சல் ஆகிவிடுகிறது. எனக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரிகிறது.

நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை கதைப்பாடல்களைத் திரட்டி அச்சேற்றிய காலத்தில் ஒலிப்பதிவுக் கருவி கண்டவர் கையில் எல்லாம் கிடையாது. அன்றைக்குக் கையால் எழுதினவர்கள் உம்மை விட்டிருந்தால் அதில் நியாயம் உண்டு. இன்றைக்கு வகுப்பில் இருக்கும் எல்லாப் பிள்ளை கையிலும் போன் இருக்கிறது. அதனால் செய்யக்கூடிய சில காரியங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, தகவலாளர் கட்டத்தில் ஒரு வரி கூட்டுங்கள்: ‘உம் கொட்டியவர்’. பெயர் வேண்டாம் என்றால் வயதும் உறவும் போதும். பேத்தி, 8 வயது. பக்கத்து வீட்டுக்காரி, சொல்பவரை விட மூத்தவர். யாரும் இல்லை என்றால் ‘யாரும் இல்லை’ என்று எழுதுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்தாலே கதை ஏன் நாலு நிமிடத்தில் முடிந்தது என்று படிக்கிறவருக்குப் புரிந்துவிடும். யாருமே கிடைக்காவிட்டால் மாணவரே உம் கொட்டலாம், தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ‘ம், ம்’ என்று போட வேண்டாம், பேட்டி எடுக்கிறவர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. அது சொல்கிறவளை விரட்டும். ‘ஆம்’ வரும் வரை பொறுத்திருந்து போட்டால் போதும்.

அடுத்தது கருவி. ஒரு போனை ஆச்சி பக்கத்தில் வையுங்கள், இன்னொன்றைப் பிள்ளைகள் நடுவில் வையுங்கள். தொடங்கும்போது ஒருவர் ஒரு தடவை கைதட்டினால் போதும், பிறகு இரண்டு பதிவையும் அந்தச் சத்தத்தை வைத்துப் பொருத்திக்கொள்ளலாம். பின்னணி இரைச்சலைக் குறைக்கும் வசதி போனில் இருந்தால் அணைத்துவிடுங்கள். அதற்குப் பேசுகிறவர் குரல்தான் குரல், தூரத்தில் மெல்ல வரும் உம்மை இரைச்சல் என்று எடுத்து அமுக்கிவிடும். நான் கடையில் கேட்டு அடித்த பதிவுகள் சிலவற்றில் ஆச்சி ஒரு நொடி நிறுத்துவதும், பிறகு சிரித்துக்கொண்டே தொடர்வதும் கேட்கும். நடுவில் என்ன நடந்தது என்பது மட்டும் இருக்காது.

எழுத்தாக்கும்போது ஈ கதை மாதிரிக் கதைகளில் எல்லாக் கண்ணியையும் எழுதுங்கள். வேறு யாரும் செய்யாவிட்டாலும் பின்னிணைப்பு அதைச் செய்யலாம், அதற்குத்தானே அது இருக்கிறது? சிறுவர் புத்தகத்துக்கு யாராவது சுருக்கிக்கொள்ளட்டும். ஆனால் மூலமே சுருக்கமாக இருந்தால் பிறகு யாராலும் அதை நீட்ட முடியாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு, மறைக்கவில்லை. திரும்பி வருவது எல்லாமே கதையின் சொத்து ஆகிவிடாது. வயதானவர்கள் உண்மையிலேயே மறந்து, சொன்னதையே சொல்வதும் உண்டு. ஓர் ஏட்டில் ஆச்சி ஒருத்தி மீனை விட்டுவிட்டு வலையனுக்குப் போன இடத்தில் மாணவர் ‘தகவலாளரின் மறதி’ என்று குறிப்பு போட்டிருந்தார். எனக்குச் சந்தேகம் வந்து, அந்த மாணவரின் போனிலேயே பதிவை வாங்கிக் கேட்டேன். நல்லவேளை, அன்றைக்குப் பிள்ளைகளை யாரும் விரட்டவில்லை. ஆச்சி ‘குளமே’ என்று சொல்லிவிட்டு ‘மீன் பிடிக்கும் வலையா’ என்று தாவுகிறாள். உடனே இரண்டு பிள்ளைகள், ‘ஆச்சி, மீன விட்டுட்டிய!’ என்று கத்துகிறார்கள். ஆச்சி, ‘ஆங், அப்படியா? மீனு எங்க போச்சி?’ என்று கேட்டுச் சிரிக்கிறாள். மறதி இல்லை, தூண்டில். உண்மையாகவே மறந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். குரல் இறங்கிவிடும், தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு திரும்பக் கன்றிலிருந்து வருவார்கள். வேண்டுமென்றே விட்டவள் விட்ட இடத்திலேயே நின்று காத்திருப்பாள். பிள்ளைகள் இல்லாத பதிவில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லை, ஏனென்றால் பிள்ளைகள் இல்லாத இடத்தில் எந்த ஆச்சியும் தூண்டில் போட மாட்டாள்.

நேரமும் கொஞ்சம் பாருங்கள். காலை பதினொரு மணிக்கு ஆச்சிகளுக்கு உலை, கோழி, ரேஷன் என்று நூறு இருக்கும். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு போனால் நீங்கள் கேட்காமலே கதை வரும். பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்கிறீர்கள், நியாயம்தான். அப்படியானால் சனிக்கிழமை போய் யார் வீட்டிலாவது தங்குங்கள். இந்தப் பக்கத்தில் கதை கேட்க வந்த பிள்ளைக்கு ராத்திரி இரண்டு தோசை போடாத வீடு குறைவு. கதை முடிந்ததும் பதிவை உடனே நிறுத்தாதீர்கள். ‘கதை முடிஞ்சுது, கத்திரிக்காய் காய்ச்சுது’ என்று அவர்கள் சொன்ன பிறகுதான் பிள்ளைகள் ‘ராசா ஏன் அப்படிச் செஞ்சான்’ என்று கேட்கத் தொடங்குவார்கள். அதற்கு ஆச்சி சொல்கிற பதில் பல சமயம் கதையை விட நன்றாக இருக்கும்.

இதையெல்லாம் செய்தால் ஏடு தடிக்கும். பக்கத்துக்கு இத்தனை என்று காசு வாங்குகிறவன் பக்கத்தைக் கூட்டச் சொல்கிறான் என்று யாராவது நினைக்கலாம், நினைத்தால் அதில் தப்பும் இல்லை. அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். முதலில் சொன்ன அந்த 11 வரிக் கதையின் பதிவை அந்த மாணவரிடமே கேட்டு வாங்கி, 14 கேள்வியையும் முழுசாக அடித்து வைத்திருக்கிறேன். மூன்றரைப் பக்கம் வந்தது. உம்மெல்லாம் வலது ஓரத்தில், சொன்ன பிள்ளையின் வயதோடு இருக்கிறது. அந்த மூன்றரைப் பக்கத்துக்கும், இனிமேல் இந்த மாதிரி வரும் பின்னிணைப்புகளுக்கும் என் கடையில் காசு வேண்டாம். பிரிண்டுக்கு மட்டும் பேப்பர் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
டைப்பிங் கடைக்காரன்,
அம்பாசமுத்திரம்